காசு கட்டியது வேனுக்கு, நின்றது கார்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மேல்மாடி அக்கா என் கதவைத் தட்டினார். கையில் மஞ்சளும் கறுப்புமாக ஒரு பிளாஸ்டிக் உறை. லண்டனில் கார் வைத்திருக்கிற எவருக்கும் அந்த உறையைத் தூரத்திலேயே அடையாளம் தெரியும். கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். எந்த மழைக்கும் நனையாது. உள்ளே இருக்கும் தாள் யாருக்கும் நல்ல சேதி சொன்னதில்லை.

"தம்பி, நான் காசு கட்டினனான். ஃபோனில மெசேஜும் வந்தது. பிறகேன் இதை ஒட்டினவங்கள்?"

அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், கணக்கில் கறார். கட்டினேன் என்றால் கட்டியிருப்பார். ஃபோனை வாங்கிப் பார்த்தேன். 11.12க்கு இரண்டு மணி நேரத்துக்கான கட்டணம் போயிருந்தது. தெரு சரி, பலகையில் இருக்கும் இட எண் சரி, நேரமும் சரி. நம்பர் பிளேட் மட்டும் அவருடைய சின்ன டொயோட்டாவுடையது அல்ல, அண்ணாவின் வேனுடையது. இரண்டு வண்டியும் ஒரே ஆப்பில், ஒரே கணக்கில். முதல் நாள் அண்ணாவின் வேனுக்குக் கட்டியிருந்ததால் ஆப் அதையே மேலே எடுத்து வைத்திருந்தது. அக்கா பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டு மீன் வாங்கப் போய்விட்டார். 11.41க்கு வார்டன் வந்தபோது கார் நின்ற இடத்துக்குக் காசு வந்திருந்தது, காருக்கு வரவில்லை.

இந்தத் தவறு பழைய மீட்டர் காலத்தில் நடந்திருக்கவே முடியாது. பிரிட்டனில் முதல் பார்க்கிங் மீட்டர்கள் 1958 ஜூலையில் லண்டன் மேஃபேர் பகுதியில் வந்தன. அந்த மீட்டருக்கு உங்கள் கார் என்ன, நம்பர் என்ன என்று எதுவும் தெரியாது. தனக்கு முன்னால் உள்ள பத்தடி இடத்துக்குக் காசு விழுந்ததா என்பது மட்டும்தான் அதன் கவலை. காசு இடத்தோடு ஒட்டியிருந்தது. நீங்கள் இருபது நிமிடம் மிச்சம் வைத்துப் போனால் அடுத்து வருகிறவருக்கு அது இனாம். பிறகு, தாளை அச்சடித்துத் தரும் இயந்திரம் வந்தது. தாளைக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்க வேண்டும். காசு இப்போது அந்தத் தாளோடு ஒட்டியிருந்தது, தாள் எந்தக் காருக்குள் இருந்ததோ அந்தக் காருக்குச் செல்லும். தாள் கவிழ்ந்து கிடந்தால் தகராறு, காற்றில் பறந்தால் தகராறு. ஆனாலும் வேறு காருக்குக் காசு கட்டிவிட்டேன் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆப் வந்ததும் காசு ஏழு எழுத்து எண்களோடு ஒட்டிக்கொண்டது. வார்டன் கையிலுள்ள கருவியில் உங்கள் நம்பர் பிளேட்டைத் தட்டுகிறார். அந்த இட எண்ணில், அந்த நேரத்தில், அந்த எழுத்து வரிசைக்குப் பணம் வந்திருக்கிறதா என்று கருவி கேட்டுப் பார்க்கிறது. ஆம் என்றால் அவர் நடந்து போகிறார். இல்லை என்றால் படம் எடுக்கத் தொடங்குகிறார். கார் உங்களுடையதா, நீங்கள் நேர்மையானவரா, இரண்டு அடி தள்ளிக் காசு கட்டினீர்களா என்பதெல்லாம் அந்தக் கருவிக்குத் தெரியாது.

அக்காவிடம் நான் முதலில் கேட்டது, "இதை ஒட்டினது கவுன்சிலா, பிரைவேட்டா?" என்றுதான். இரண்டையும் மக்கள் பி.சி.என். என்றே சொல்கிறார்கள், இரண்டின் உறையும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் கவுன்சில் ஒட்டுவது பெனால்டி சார்ஜ் நோட்டீஸ். 2004ஆம் ஆண்டுப் போக்குவரத்து மேலாண்மைச் சட்டத்தின்படி விதிக்கப்படும் அபராதம். தனியார் நிறுவனம் ஒட்டுவது பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ். அது அபராதமே இல்லை. நீங்கள் அவர்களுடைய நிலத்தில் வண்டி நிறுத்தியபோது பலகையில் இருந்த நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டீர்கள், அந்த ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், ஆகவே பணம் தர வேண்டும் என்கிற கோரிக்கை. முதல் இரண்டு சொற்களின் முதல் எழுத்தும் ஆங்கிலத்தில் ஒன்றாக வருவதைத் தனியார் நிறுவனங்கள் ஏன் மாற்றிக்கொள்ளவில்லை என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

தனியார் டிக்கெட் என்றால் தூக்கிப் போடலாம், ஒன்றும் ஆகாது என்று இன்னமும் சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். அது பழைய கதை. 2012இல் வந்த ஒரு சட்டம், ஓட்டியவர் யார் என்று தெரியாவிட்டாலும் வண்டியின் பதிவாளரிடம் பணம் கேட்கலாம் என்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழி திறந்துவிட்டது. செம்ஸ்ஃபோர்டில் இரண்டு மணி நேர இலவச வாகன நிறுத்துமிடத்தில் 56 நிமிடம் கூடுதலாக நின்ற ஒருவர், 85 பவுண்ட் அநியாயம் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015 நவம்பரில் அவர் தோற்றார். அந்தத் தொகை நியாயமான காரணத்துக்காகத்தான் விதிக்கப்படுகிறது என்றது நீதிமன்றம்.

அக்காவின் தாள் கவுன்சிலுடையது. மேலே மீறல் எண் 11 என்று இருந்தது. நிறுத்தக் கட்டணம் செலுத்தாமல் வண்டி நிறுத்தியது என்று அதற்கு அர்த்தம். தொகை 80 பவுண்ட், 14 நாளுக்குள் கட்டினால் பாதி. லண்டன் தொகைகள் 2025 ஏப்ரலில் கூடிவிட்டன. லண்டனுக்கு வெளியே இங்கிலாந்தில் பெரும்பாலும் 50 அல்லது 70 பவுண்ட், அங்கேயும் பாதிச் சலுகை உண்டு.

தாளைப் பார்த்ததும் வரும் முதல் ஆசை நாற்பதைக் கட்டித் தொலைத்துவிட்டு மறந்துவிடலாம் என்பது. கட்டினால் விவகாரம் முடிந்தது. கட்டிவிட்டுப் பிறகு வழக்காடுகிறேன் என்பது இங்கே நடக்காது. ஆகவே முறையிடுவதா என்பதைக் கட்டுவதற்கு முன் முடிவு செய்ய வேண்டும். 14 நாளுக்குள் முறையிட்டால், அது நிராகரிக்கப்பட்டாலும் பாதித் தொகைச் சலுகையைப் பெரும்பாலான கவுன்சில்கள் மறுபடி தருகின்றன. அரசின் வழிகாட்டுதலும் அப்படித்தான் சொல்கிறது. அதனால் அந்த முதல் கடிதம் எழுதுவதில் நஷ்டம் அநேகமாக இல்லை.

இங்கே கொஞ்சம் எண்பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2001 செப்டம்பரில் இருந்து பதிவாகும் பிரிட்டிஷ் எண்கள் ஒரே வடிவம்: இரண்டு எழுத்து, இரண்டு எண், பிறகு மூன்று எழுத்து. லண்டனில் பதிவான பல வண்டிகளின் முதல் எழுத்து L. இரண்டாவது O ஆக இருந்தால் `LO16` என்று வரும். அதையே ஒருவர் எண் விசைப்பலகையில் `L016` என்று தட்டினால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, கணினிக்கு வேறு வண்டி. ஆனால் வடிவம் நிலையானது என்பதால் ஒரு மனிதர் பார்த்தால் உடனே புரியும். இரண்டாவது இடத்தில் எண் வரவே முடியாது, ஆகவே அது O தான். அதேபோல இந்த வடிவத்தில் I என்ற எழுத்து எங்குமே பயன்படுத்தப்படுவதில்லை. அங்கே I என்று தட்டப்பட்டிருந்தால் அது 1 ஆகத்தான் இருந்திருக்க வேண்டும். முறையீட்டில் இதை ஒரு வரியில் எழுதிவிடலாம்: நான் கட்டிய எண்ணில் ஒரு வண்டியே பிரிட்டனில் இருக்க முடியாது.

தனியார் நிறுவனங்களின் சங்கங்கள் இரண்டும் 2024 ஜூனில் வெளியிட்ட பொதுவான நடைமுறை விதிகள் இதை வகைப்படுத்துகின்றன. O, 0 குழப்பம், ஓர் எழுத்து விடுபட்டது, இரண்டு எழுத்து இடம் மாறியது போன்ற சிறிய தவறுகளுக்கு, காசு கட்டியது தெரிந்தால், முறையிட்டவுடன் ரத்து செய்ய வேண்டும். வேறொரு வண்டியின் எண்ணைக் கொடுத்தது போன்ற பெரிய தவறுகளுக்குத் தொகையை 20 பவுண்டாகக் குறைக்க வேண்டும், அதுவும் கேட்டால்தான். அக்காவின் கதை ஒரு சூப்பர் மார்க்கெட் வளாகத்தில் நடந்திருந்தால் அவருக்கு இந்த இருபது பவுண்ட் வழி திறந்திருக்கும். கவுன்சில்களுக்கு இப்படி எழுதிவைத்த பொது விதி இல்லை. ஒவ்வொரு கவுன்சிலும் தன் கொள்கைப்படி. சிலர் முதல் முறை மன்னிக்கிறார்கள், அடுத்த முறை இல்லை என்று கடிதத்திலேயே எழுதிவிடுகிறார்கள்.

எண்பலகைத் தவறைவிட அதிகம் கவனிக்கப்படாதது இட எண் தவறு. ஒவ்வொரு தெருவுக்கும் வாகன நிறுத்துமிடத்துக்கும் பலகையில் ஓர் எண் இருக்கும். ஜி.பி.எஸ். மூலம் ஆப் தானாகக் காட்டும் இடம் சில சமயம் அடுத்த தெரு. வரைபடத்தில் புள்ளி நகர்ந்திருப்பதை யாரும் கவனிப்பதில்லை. ஆகவே பலகையில் உள்ள எண்ணைப் பார்த்துத் தட்டுவதே பத்திரம். பலகையை ஒரு படமும் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பலகை அல்லது இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியைப் பார்த்து மயங்க வேண்டாம். மோசடிக்காரர்கள் அதன் மேல் தங்கள் குறியை ஒட்டி, அட்டை விவரங்களைத் திருடிய சம்பவங்கள் பல ஊர்களில் நடந்துள்ளன. ஆப்பை ஃபோனின் கடையிலிருந்தே இறக்கி, எண்ணைக் கையால் தட்டுங்கள்.

அக்கா அடுத்து கேட்டது: "பத்து நிமிஷம் கிரேஸ் இருக்காமே?" இருக்கிறது, ஆனால் மக்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. 2015 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில், கவுன்சிலின் நிறுத்துமிடங்களில், நீங்கள் கட்டிய நேரம் முடிந்தபிறகு பத்து நிமிடம் வரை டிக்கெட் எழுதக் கூடாது. இலவசமாக அனுமதித்த நேரம் முடிந்தாலும் அப்படியே. உங்கள் நேரம் 2.00க்கு முடிகிறது, வார்டன் 2.08க்கு டிக்கெட் எழுதினார் என்றால் அது செல்லாது. கெஞ்சத் தேவையில்லை, நேரத்தைச் சுட்டிக் காட்டினால் போதும். 2.15க்கு எழுதினார் என்றால் அவர் சரி.

இது வண்டி ஏற்கெனவே முறையாக நிறுத்தப்பட்டிருந்தால் கிடைக்கும் கடைசிப் பத்து நிமிடம். காசே கட்டாமல் முதல் பத்து நிமிடம் நிற்க அது உரிமை தராது. இரட்டை மஞ்சள் கோட்டில் பத்து நிமிடம் என்று ஒன்றும் கிடையாது. குடியிருப்பாளர் இடத்தில் அனுமதி இல்லாமல் நின்றாலும் கிடையாது. தொடக்கத்தில் கிடைப்பது பழக்கத்தில் வந்த ஒன்று: இயந்திரத்தைத் தேடி நடக்கவும் ஆப்பை இறக்கவும் நியாயமான நேரம் தேவை என்பதைத் தீர்ப்பாயங்கள் ஒப்புக்கொள்கின்றன, பல கவுன்சில்கள் வார்டன் சில நிமிடம் காத்திருந்து பார்க்க வேண்டும் என்று வைத்திருக்கின்றன. காரை விட்டு இறங்கி ஆப்போடு மல்லுக்கட்டும்போது டிக்கெட் எழுதப்பட்டால், டிக்கெட்டின் நேரத்தையும் உங்கள் கட்டணம் ஏறிய நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். டிக்கெட் 10.04, கட்டணம் 10.06 என்றால் உங்களிடம் வலுவான வாதம் இருக்கிறது. டிக்கெட் 10.04, கட்டணம் 10.40 என்றால் இல்லை.

தனியார் இடங்களில் கணக்கு வேறு. அங்கே பல இடங்களில் வார்டன் இல்லை. கேமரா நுழையும்போதும் வெளியேறும்போதும் எண்பலகையைப் படம் பிடிக்கிறது. அது அளப்பது நீங்கள் நிறுத்திய நேரத்தை அல்ல, உள்ளே இருந்த நேரத்தை. இடம் தேடிச் சுற்றியதும், வெளியேறும் வரிசையில் நின்றதும், குழந்தையைக் கட்டியிறக்கியதும் எல்லாம் உள்ளே இருந்த நேரம். 3.00க்கு நுழைந்து, 3.06க்கு ஆப்பில் ஒரு மணி நேரம் கட்டி, 4.14க்கு வெளியேறினால் கேமராவுக்கு 74 நிமிடம். உங்களுக்கு 4.06 வரை கட்டணம் இருந்தது, மேலும் பத்து நிமிடம் கிரேஸ் உண்டு, ஆகவே பிரச்சினை இல்லை என்று வாதாடலாம். ஆனால் சில இடங்களில் நேரம் நுழைந்த நிமிடத்திலிருந்தே தொடங்கும் என்று பலகையில் எழுதியிருக்கும். அங்கே 4.00க்கே முடிந்துவிடும். பலகையைப் படம் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பொது நடைமுறை விதிகள் நுழைந்தபின் யோசிக்கக் குறைந்தது 5 நிமிடம், முடிவில் 10 நிமிடம் கொடுக்கச் சொல்கின்றன. ஆனால் அந்த முதல் ஐந்து நிமிடத்தைச் சில நிறுவனங்கள் ஐந்து நிமிடத்துக்குள் கட்டியே ஆக வேண்டும் என்ற கெடுவாகத் திருப்பிப் பிடித்தன. டெர்பியில் ஒரு பெண், நிறுத்துமிடத்தில் சிக்னல் மோசமாக இருந்ததால் கட்டணம் ஏற ஐந்து நிமிடத்துக்கு மேலானது. ஒவ்வொரு முறையும் காசைக் கட்டினார். ஆனாலும் 2024இல் கிட்டத்தட்ட 1,900 பவுண்ட் கேட்டு அவர் மேல் வழக்குத் தொடுத்தார்கள். செய்தி வந்ததும் எதிர்ப்புப் பெரிதாகி வழக்கு கைவிடப்பட்டது. 2025 பிப்ரவரியில் சங்கங்கள் விதியைத் திருத்தின: கேமரா வைத்த இடத்தில், வெளியேறுவதற்குள் கட்டணம் செலுத்தியிருந்தால், செலுத்தத் தாமதமானதற்காக மட்டும் டிக்கெட் அனுப்பக் கூடாது. சிக்னல் இல்லாத அடித்தளத்தில் நின்று ஃபோனை உயர்த்திப் பிடித்துத் திரிந்தவர்களுக்கு இந்த மாற்றத்தின் அருமை தெரியும்.

இனி அக்காவின் கடிதம். முதல் கடிதத்தை அவரே எழுதியிருந்தார், எனக்குக் காட்டினார். இரண்டு பக்கம். மகளின் பிறந்த நாள், மீன் கடை, முழங்கால் வலி, இருபது வருடமாக ஒரு தவறும் செய்யாதது. "நீங்கள் மனசு வைத்தால்" என்ற தொனி. நான் அதை ஐந்து வரியாக்கிக் கொடுத்தேன். இடம், நேரம், தொகை கட்டப்பட்ட ரசீது, கட்டிய எண் என் கணவரின் வேனுடையது, அந்த வேன் அப்போது அந்தத் தெருவில் இல்லை. ஒரே இடத்துக்கு ஒரே நேரத்துக்கு முழுக் கட்டணமும் கவுன்சிலுக்கு வந்து சேர்ந்தது, அந்தக் கட்டணத்தில் வேறு வண்டி எதுவும் நிற்கவில்லை.

கடைசி வாக்கியம்தான் முக்கியம். இந்த வகை முறையீட்டைக் கவுன்சில்கள் சந்தேகிப்பது ஒரே காரணத்துக்காக: ஒரே கட்டணத்தில் இரண்டு வண்டிகளை ஓட்டுகிறவர்கள் உண்டு. ஒன்று தெருவின் இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம். மாட்டினால் "ஐயோ, தப்பான எண்" என்பார்கள். அந்தச் சந்தேகத்தை நீங்களே முன்கூட்டி எடுத்துவிட வேண்டும்.

முதல் முறையீடு நிராகரிக்கப்பட்டது. அச்சடித்த கடிதம். சரியான வண்டியைத் தேர்ந்தெடுப்பது ஓட்டுநரின் பொறுப்பு, நாற்பது பவுண்ட் வாய்ப்பு மறுபடி 14 நாள். இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் கட்டிவிடுகிறார்கள். அதில் தவறில்லை, அவரவர் சூழ்நிலை. தொடர்ந்தால் பாதித் தொகை போய்விடும், தோற்றால் முழு எண்பது. அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நாப்பது போனாலும் பரவாயில்லை, எண்பது போனாலும் பரவாயில்லை, ஆனா நான் கள்ளி எண்டு எழுதக்கூடாது" என்றார். யாரும் அப்படி எழுதவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

28 நாள் கழித்து வண்டியின் உரிமையாளருக்கு நோட்டீஸ் டு ஓனர் என்ற படிவம் வந்தது. சட்டப்படியான முறையீடு இதிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முன் எழுதுவதெல்லாம் முறைசாராக் கடிதம். படிவம் வந்த 28 நாளுக்குள் எழுத வேண்டும். அது கிடைத்து 56 நாளுக்குள் கவுன்சில் பதில் அனுப்பாவிட்டால் நீங்கள் சொன்னதை ஒப்புக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே அனுப்பிய தேதியைக் காட்டும் மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். மறந்துபோய் படிவத்துக்குப் பதிலே போடாமல் விட்டால் தொகை ஒன்றரை மடங்காகும், அடுத்து வசூல் அதிகாரிகள் வாசலுக்கு வருவார்கள். டிக்கெட்டில் பெரும்பணம் இழந்த கதைகளில் பாதி, பழைய முகவரிக்குப் போன கடிதங்களின் கதைதான். வீடு மாறினால் வண்டிப் பதிவில் முகவரியை மாற்றுங்கள்.

இரண்டாவது கடிதத்தோடு ஒரு புதிய சான்று சேர்த்தோம். அண்ணாவின் வேன் அன்று காலை முதல் பன்னிரண்டு மைல் தள்ளி ஒரு கட்டட வேலையில் நின்றது. அந்த வேலைக்கு அவர் எழுதிய பில், வேலை நடந்த இடத்தில் எடுத்த படம், அதில் தேதியும் நேரமும். கூடவே, இரண்டு வண்டியும் ஒரே முகவரியில் பதிவானதைக் காட்டும் ஆவண நகல்கள். கடிதம் ஒன்றேகால் பக்கத்தைத் தாண்டவில்லை. முழங்கால் வலியை நான் வெட்டியதில் அக்காவுக்கு இன்றுவரை வருத்தம்.

அதுவும் நிராகரிக்கப்பட்டிருந்தால் அடுத்த படி சுதந்திரமான தீர்ப்பாயம். லண்டனில் லண்டன் டிரிபியூனல்ஸ், மற்ற இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கு டிராஃபிக் பெனால்டி டிரிபியூனல். கட்டணமில்லை, வழக்கறிஞர் வேண்டாம், வீட்டிலிருந்தே இணையத்தில் அனுப்பலாம், ஃபோனில் பேசலாம். ஆனால் இதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். தவறான எண்ணுக்குக் கட்டியது சட்டக் கண்ணில் மீறல்தான், ஏனெனில் நின்ற காருக்குக் கட்டணம் இல்லை. நேர்மையான தவறு என்பது மீறலை அழிக்காது. இருந்தாலும் நியாயமான காரணங்கள் இருப்பதாகத் தீர்ப்பாளர் கருதினால், ரத்து செய்யுமாறு கவுன்சிலுக்குப் பரிந்துரைக்கலாம். 35 நாளுக்குள் அதற்குப் பதில் தராவிட்டால் கவுன்சில் ஏற்றுக்கொண்டதாகிவிடும். பத்து நிமிட விதி போன்றவற்றில் நீங்கள் உரிமையோடு ஜெயிக்கலாம். எண் தவறில் பெரும்பாலும் மனம் இளகினால்தான். எதை வைத்து வாதாடுகிறோம் என்பது தெரிந்தால் கடிதத்தின் தொனி தானே சரியாகிவிடும்.

தனியார் டிக்கெட்டுக்குப் பாதை குட்டையானது. முதலில் நிறுவனத்துக்கு எழுத வேண்டும், நிராகரித்தால் அது எந்தச் சங்கத்தைச் சேர்ந்ததோ அதைப் பொறுத்து பாப்லா அல்லது ஐ.ஏ.எஸ். எனும் முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். நிராகரிப்புக் கடிதத்தில் வரும் எண்ணை வைத்துக்கொண்டுதான் அங்கே நுழைய முடியும், கெடு 28 நாள். தொகைக்கு மேல்வரம்பு 100 பவுண்ட், 14 நாளுக்குள் 60. கண்ணாடியில் எதுவும் ஒட்டாமல் கேமரா மூலம் மட்டும் வந்த டிக்கெட்டில் ஒரு தேதியைப் பாருங்கள். நிறுத்திய மறுநாளிலிருந்து 14 நாளுக்குள் அந்தக் கடிதம் பதிவாளரிடம் வந்து சேரவில்லை என்றால், ஓட்டியவர் யார் என்று நீங்கள் சொல்லாதவரை, பதிவாளரான உங்களிடம் பணம் கேட்க 2012 சட்டம் அவர்களுக்கு வழி தராது. முறையீட்டில் "நான் ஓட்டும்போது" என்று எழுதி இந்தப் பாதுகாப்பைத் தாங்களே கையளிப்பவர்கள் ஏராளம். ஸ்காட்லாந்தில் இந்தச் சட்டம் பொருந்தாது. நீதிமன்றத்திலிருந்து உண்மையான கோரிக்கைப் படிவம் வந்தால் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஒதுக்கி வைக்காதீர்கள். பதில் போடாவிட்டால் தீர்ப்பு எதிராகப் போய், ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆறு வருடம் கடன் பதிவில் தங்கிவிடும். வீட்டுக்கடனுக்குப் போகும்போதுதான் அந்த அறுபது பவுண்டின் நினைவு வரும்.

இந்தத் தகராறுகள் ஆப்போடு வந்தவையும் அல்ல. லண்டனில் டிராஃபிக் வார்டன்கள் வேலையைத் தொடங்கியது 1960 செப்டம்பரில். அவர்கள் எழுதிய முதல் டிக்கெட், ஹோட்டல் ஒன்றில் மாரடைப்பு நோயாளியைப் பார்க்கப் போன ஒரு மருத்துவரின் காருக்கு. இரண்டு பவுண்ட். பத்திரிகைகளில் செய்தி வந்து ஊர் கொதித்தது, டிக்கெட் கைவிடப்பட்டது. ஆக, முதல் டிக்கெட்டுக்கே முதல் முறையீடு.

அக்காவின் டிக்கெட் ரத்தானதாக ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. "இந்த ஒரு முறை, நல்லெண்ணத்தின் அடிப்படையில்" என்று இருந்தது. அவர் அதை மடித்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு ஆப்பைத் திறந்து, இரண்டு வண்டிகளுக்கும் பெயர் வைத்தார்: ஒன்று "அக்கா கார்". மற்றது "இது வேன், அழுத்தாதே".

அண்ணா அதுவரை ஒன்றும் பேசவில்லை. டீ குடித்து முடித்துவிட்டு மெல்லக் கேட்டார்: "அப்ப என்ர வேனுக்குக் கட்டின ரெண்டு மணித்தியாலம் என்னாச்சு? அதை யார் திருப்பித் தாறது?"